அத்தை வீட்டு ஏசியும் நான் வைத்த தலைப்பும்

ஜூன் முதல் வாரம். காலை மீட்டிங்கில் இருக்கும்போது திருச்சியிலிருந்து அத்தை மூன்று முறை அழைத்திருந்தார். வழக்கமாக அத்தை ஒரு முறை அழைப்பார், எடுக்காவிட்டால் அப்பாவிடம் புகார் சொல்வார். மூன்று முறை என்றால் ஏதோ விஷயம். வெளியே வந்து கூப்பிட்டேன்.

"ஏண்டி, இன்வெர்ட்டர் ஏசி வாங்குனா கரன்ட் பில் பாதியாக் குறையும்னு நீதானே எழுதுன? நாலாயிரத்து நூத்தம்பது ரூவா வந்திருக்கு. பாதி எங்கடி?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எழுதியது நான்தான். மார்ச் மாதம் கோடைக்கால ஸ்பெஷலுக்காக அவசரமாக ஒரு கட்டுரை கேட்டார்கள். இரண்டு கடைக்காரர்களிடம் போனில் பேசினேன், கம்பெனி விளம்பரங்களைப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். 'இன்வெர்ட்டர் ஏசி: கரன்ட் பில் பாதியாகக் குறையும்!' என்று தலைப்பு வைத்ததும் நான்தான். நன்றாகப் படிக்கப்பட்ட கட்டுரை அது. படித்தவர்களில் அத்தையும் ஒருவர் என்பதும், அதை நம்பி 10 வருடம் உழைத்த பழைய ஏசியைக் கொடுத்துவிட்டு 44,000 ரூபாய்க்குப் புதிய 1.5 டன் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி வாங்கினார் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"போன வருஷம் இதே ரெண்டு மாசத்துக்கு எவ்வளவு அத்தை?"

"நாலாயிரத்து அறுநூறு. நானூத்தம்பது ரூவா குறைய நான் நாப்பத்தி நாலாயிரம் குடுத்திருக்கேன்."

மாமா ஓய்வு பெற்றவர். பென்ஷனில்தான் வீடு ஓடுகிறது. அந்த வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் திருச்சி கிளம்பினேன்.

போவதற்கு முன், மார்ச்சிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். எங்கள் அலுவலகத்துக்கு ஏசி சர்வீஸ் செய்ய வரும் மெக்கானிக் அண்ணனிடம் உட்கார்ந்து கேட்டேன். 20 வருடமாக இந்த வேலையில் இருப்பவர். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

ஏசியில் கரன்ட்டைக் குடிப்பது கம்ப்ரஸர்தான். வெளியே மாட்டியிருக்கும் பெட்டிக்குள் இருக்கிறது. அறைக்குள்ளிருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வரும் வாயுவை அழுத்தி, அந்த வெப்பத்தை வெளிக்காற்றில் கொட்ட வைப்பது அதன் வேலை. பழைய ரக ஏசியில் அந்தக் கம்ப்ரஸருக்கு ஒரே ஒரு வேகம்தான். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அதற்கு ஏற்ப மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,900 சுற்று சுற்றும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அறை குளிர்ந்ததும் நின்றுவிடும். ஒன்றிரண்டு டிகிரி ஏறியதும் மறுபடி அதே முழு வேகத்தில் கிளம்பும். இதுதான் ஃபிக்ஸட் ஸ்பீடு. கடைகளில் 'நான் இன்வெர்ட்டர்' என்பார்கள்.

இன்வெர்ட்டர் ஏசியில் ஒரு எலெக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை முதலில் பேட்டரியில் இருப்பது போன்ற நேர் மின்சாரமாக மாற்றி, பிறகு தனக்கு வேண்டிய வேகத்தில் திசை மாறும் மின்சாரமாகத் திருப்பி உருவாக்கிக் கம்ப்ரஸருக்குக் கொடுக்கிறது. இப்படித் திருப்பி உருவாக்கும் பகுதிக்குப் பெயர்தான் இன்வெர்ட்டர். அதனால் கம்ப்ரஸர் வேகமாகவும் சுற்றும், மெதுவாகவும் சுற்றும். பேட்டரியோடு மூலையில் நிற்கும் வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதற்கும் பெயரிலும் தத்துவத்திலும்தான் ஒற்றுமை. "கரன்ட் போனாலும் ஏசி ஓடும்ல?" என்று மாமா வாங்கும்போது கடையில் கேட்டாராம். ஓடாது.

இதுவரை எனக்கும் தெரியும். கேஸ் அடுப்பு உதாரணத்தை என் கட்டுரையிலும் எழுதியிருந்தேன். பழைய ஏசி என்பது ஃபுல்லில் எரிக்கலாம், இல்லாவிட்டால் அணைக்கலாம் என்று இருக்கும் அடுப்பு. இன்வெர்ட்டர் ஏசி என்பது சிம்மில் வைக்க முடிகிற அடுப்பு. ஆனால் ஒரு கேள்வியை நான் கேட்கவே இல்லை. மெதுவாக ஓடினால் குளிர்ச்சியும் குறைவாகத்தானே வரும்? பாதி வேகத்தில் பாதி கரன்ட், பாதி குளிர்ச்சி என்றால் லாபம் எங்கே இருக்கிறது?

"அடிக்கடி ஸ்டார்ட் ஆகுறப்போ இழுக்கிற கரன்ட் மிச்சம்தானே அண்ணா?" என்றேன். எல்லாரும் சொல்வது அதுதான்.

அவர் சிரித்தார். பழைய கம்ப்ரஸர் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுப்பது உண்மைதான். ஃபேன் ஒரு நொடி மங்குகிறது, லைட் கண் சிமிட்டுகிறது. ஆனால் அது ஒரு நொடிக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 40 ஆம்பியர், 230 வோல்ட், அரை விநாடி. ஆயிரம் முறை கிளம்பினாலும் அதற்காக மட்டும் செலவாவது ஒரு யூனிட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பில்லில் அது தெரியவே தெரியாது.

உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. வெளிப் பெட்டியில் வெப்பத்தைக் கொட்டுவதற்காக வளைந்து வளைந்து போகும் குழாய்களும் தகடுகளும் இருக்கின்றன. அவை முழு வேகத்துக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டவை. கம்ப்ரஸர் பாதி வேகத்தில் ஓடும்போது கொட்ட வேண்டிய வெப்பமும் பாதி. ஆனால் குழாயும் தகடும் அதே அளவில் இருக்கின்றன. ஒருவருக்கு இரண்டு பேர் வேலை செய்ய இருக்கிற மாதிரி. அதனால் வாயுவை அவ்வளவு அழுத்தி, அவ்வளவு சூடாக்கி வெளியே அனுப்பவேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. தண்ணீர்க் குடத்தைத் தலைக்குத் தூக்குவதற்கும் இடுப்புக்குத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். குடம் அதே குடம், தூக்கும் உயரம் குறைவு. ஆகவே பாதிக் குளிர்ச்சிக்குப் பாதியைவிடக் குறைவான கரன்ட் போதும்.

பழைய ஏசியில் இன்னொரு நஷ்டமும் உண்டு. நிற்கும்போதெல்லாம் அது கட்டி வைத்த அழுத்தம் இரண்டு பக்கமும் சமமாகிக் கரைந்துவிடும். மறுபடி கிளம்பியதும் முதல் சில நிமிடங்கள் அந்த அழுத்தத்தைத் திரும்பக் கட்டுவதிலேயே போகும். அப்போது கரன்ட் முழுசாக ஓடும், குளிர்ச்சி முழுசாக வராது.

"ஆனா ஒண்ணு பாப்பா" என்றார் அண்ணன். "மெதுவா ஓட வழி இருந்தாத்தான் இதெல்லாம். ஃபுல் ஸ்பீடுலயே ஓடுனா அதுவும் இதுவும் ஒண்ணுதான். போர்டு கொஞ்சம் கரன்ட்டைச் சாப்பிடுறதால இன்வெர்ட்டர் ஒரு பங்கு கூடவே இழுக்கும். உங்க அத்தை எப்படிப் போடுறாங்கன்னு முதல்ல பாரு."

அதைப் பார்க்கத்தான் போனேன். கையில் எந்தக் கருவியும் கொண்டுபோகவில்லை. தேவையும் இல்லை. வாசலில் இருக்கும் ஈபி மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், கவனித்திருப்பீர்கள். பக்கத்தில் `3200 imp/kWh` என்பதுபோல எழுதியிருக்கும். அந்த விளக்கு 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் செலவாகியிருக்கிறது என்று அர்த்தம். எல்லா மீட்டரிலும் இதே எண் இருக்காது, உங்கள் மீட்டரில் உள்ளதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை மினுக்கு என்று எண்ணினால் அந்த நேரத்தில் வீடு எவ்வளவு வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். மினுக்கை 60-ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்து, 1,000-ஆல் பெருக்க வேண்டும்.

அத்தை வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு 9 மினுக்கு. சுமார் 170 வாட். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை எட்டு மணி நேரத்துக்கு 1.4 யூனிட். இதை எப்போதும் கழித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

முதல் இரவு அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. "எப்பவும் போல போடுங்க அத்தை, நான் பேசமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு 10 மணிக்கு மீட்டரைப் போட்டோ எடுத்தேன்.

படுக்கையறை மாடியில் இருக்கிறது. மேலே மொட்டை மாடி, பகல் முழுக்க வெயில். ராத்திரி 10 மணிக்குக் கூரையைத் தொட்டால் தோசைக்கல் ஆறுவது போல இருக்கிறது. அத்தை ரிமோட்டை எடுத்து 18 வைத்தார். ஃபேனை அணைத்தார். "ஏசி ஓடுறப்போ ஃபேன் எதுக்கு, அது வேற தண்டம்." வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். விளக்கு கண்ணால் எண்ண முடியாத வேகத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. போனில் 15 விநாடி வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணினேன். 22. கணக்குப் போட்டால் வீடு 1,650 வாட் இழுக்கிறது. ஃபிரிட்ஜையும் மற்றதையும் கழித்தால் ஏசி மட்டும் 1,500 வாட்டுக்குப் பக்கம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், பெரிய மாற்றம் இல்லை. 12 மணிக்கும் அதே கதைதான், கொஞ்சம் இறங்கி 1,400. அந்தக் கூரைக்குக் கீழே அறை 18 டிகிரிக்குப் போகவே இல்லை. போகாத ஊருக்கு ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

12.15-க்கு அத்தை எழுந்தார், ஏசியை அணைத்தார், ஃபேனைப் போட்டார், போர்வையை விலக்கிவிட்டுப் படுத்தார். ஒன்றரைக்கு வேர்த்துப்போய் எழுந்து மறுபடி 18. மூன்று மணிக்கு அணைத்தார். நான்கு மணிக்கு மறுபடி போட்டு, ஐந்தே காலுக்கு அணைத்துவிட்டுக் கோலம் போடப் போய்விட்டார்.

பக்கத்து அறையில் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். மொத்தம் ஐந்து மணி நேரம் ஏசி ஓடியிருக்கிறது. காலை 6 மணி ரீடிங்கில் 8.6 யூனிட் கூடியிருந்தது. கழிக்க வேண்டியதைக் கழித்தால் ஏசிக்கு மட்டும் 7.2.

காபி குடிக்கும்போது எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பழைய ஏசியையும் அத்தை 10 வருடமாக இப்படித்தான் போட்டிருக்கிறார். பழைய ஏசி தானாக நின்று நின்று ஓடும் என்றேன் அல்லவா, அதற்குக்கூட அத்தை வாய்ப்புக் கொடுத்ததில்லை. 18-ல் வைத்துவிட்டு அவரே எழுந்து எழுந்து நிறுத்தியிருக்கிறார். அது 1,600 வாட்டில் ஐந்து மணி நேரம் ஓடினால் 8 யூனிட். புதியது அதே ஐந்து மணி நேரத்துக்கு 7.2. மெதுவாக ஓடத் தெரிந்த ஒரு மெஷினை வாங்கி, அது மெதுவாக ஓடத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு முறையும் அணைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை போடும்போதும் சூடேறிய அறையை அது முதலிலிருந்து குளிர்விக்க வேண்டியிருந்தது.

"விடிய விடிய போட்டா பில் எகிறாதா?" என்றார் அத்தை. நியாயமான பயம். கரன்ட்டை மிச்சம் பிடிக்க நம் வீடுகளில் தெரிந்த ஒரே வழி அணைப்பதுதான். "ஒரே ஒரு நாள் அத்தை" என்று கெஞ்சினேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு 10 மணிக்கு 26-ல் வைத்தோம். ஃபேன் இரண்டாம் நம்பரில். அறைக்கதவின் அடியில் இருந்த இடைவெளிக்குப் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தோம். சாயங்காலம் மாமா ஏசியின் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். மூன்று மாதத் தூசி அடை மாதிரி வந்தது. 

இதே நேரத்தில் எங்களுக்கு இன்னொரு வசதியும் கிடைத்தது. பக்கத்து வீடு ஒரே மேஸ்திரி ஒரே பிளானில் கட்டியது. அதே அளவு அறை, அதே மொட்டை மாடி. அங்கே இருப்பது 1.5 டன் ஃபிக்ஸட் ஸ்பீடு ஏசி. அந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார். அவர்களும் 26 வைத்து, ஃபேனைப் போட்டு, விடியும்வரை அணைக்காமல் படுத்தார்கள். ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் அதே 1.4-ஐக் கழித்துக்கொள்ளலாம் என்று வைத்தோம். ஆய்வுக்கூடக் கணக்கு அல்ல இது. ஆனாலும் ஒரே இரவு, ஒரே வெப்பம்.

இரண்டு வாசலுக்கும் நடுவில் நான் திருடி மாதிரி அலைந்தேன். 10 மணிக்கு இரண்டு மீட்டரும் ஒரே மாதிரி பறந்தன. பத்தே முக்கால் வாக்கில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு விளக்கு திடீரென்று அடங்கி, நிமிடத்துக்கு 9 மினுக்கு என்று சோம்பலாக இருக்கும். கம்ப்ரஸர் நின்றுவிட்டது. சில நிமிடத்தில் வெளிப் பெட்டி 'டக்' என்று சத்தம் போட்டுக் கிளம்பும், விளக்கு மறுபடி பறக்கும். அத்தை வீட்டு விளக்கோ அடங்கவும் இல்லை, பறக்கவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்துகொண்டே வந்தது. மூன்று மணிக்கு எண்ணினேன், நிமிடத்துக்கு 36. மற்றதைக் கழித்தால் ஏசி 500 வாட்டில் ஓடுகிறது. வெளிப் பெட்டியின் சத்தம் காது கொடுத்தால்தான் கேட்டது.

அத்தை ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை.

காலை 6 மணிக்குக் கணக்குப் பார்த்தோம். அத்தை வீட்டு ஏசி எட்டு மணி நேரத்துக்கு 5.2 யூனிட். பக்கத்து வீட்டு ஏசி 6.6. முந்தின இரவு அத்தை அணைத்து அணைத்து 'மிச்சம் பிடித்து' ஓட்டிய ஐந்து மணி நேரத்துக்கு 7.2 என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பழைய ரக ஏசிகூட 26-ல் விடிய விடிய ஓடி அதைவிடக் குறைவாகத்தான் எடுத்திருக்கிறது.

என் கட்டுரையில் எங்கே தப்பு என்பது இங்கேதான் புரிந்தது. அத்தையின் பழைய பழக்கத்தில் பழைய ஏசி எடுத்தது 8 யூனிட். இப்போது 5.2. மொத்த மிச்சம் 2.8. இதில் பாதிதான், அதாவது பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டால் வரும் 1.4 யூனிட்தான், இன்வெர்ட்டர் தந்தது. மீதி பாதி 18-ஐ 26 ஆக்கியதற்கும் அணைத்து அணைத்துப் போடாததற்கும் கிடைத்தது. அந்தப் பாதி பழைய ஏசியிலேயே கிடைத்திருக்கும். செலவே இல்லாமல்.

இந்த யூனிட்டுகள் ரூபாயாக மாறும் இடத்தில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக யூனிட் விலை ஏறும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல். 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். போதாக்குறைக்கு, 500-ஐத் தாண்டாதவர்களுக்கு இரண்டாவது 100 யூனிட்டில் கிடைக்கும் பாதி விலைச் சலுகையும் தாண்டியதும் போய்விடும். 501-வது யூனிட் ஒன்றுக்காகவே பில் 200 ரூபாய்க்கு மேல் எகிறும்.

ஏசி இல்லாமல் அத்தை வீட்டுச் செலவு இரண்டு மாதத்துக்குச் சுமார் 300 யூனிட். ஏசி சேரும்போதுதான் பில் மேல் படிகளில் ஏறுகிறது. போன வருடம் 60 இரவுக்கு 8 வீதம் 480, மொத்தம் 780 யூனிட், பில் 4,600. இந்த வருடம் 7.2 வீதம் 432, மொத்தம் 732, பில் 4,150. இனி 5.2 வீதம் ஓடினால் 312, மொத்தம் 612. பில் 3,000 அளவில் வரும். குறையும் யூனிட்டுகள் எல்லாம் அந்த 9 ரூபாய்ப் படியிலிருந்து குறைபவை. அதனால்தான் யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஏசியைச் சேர்த்தும் 400 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில் இதே 168 யூனிட் குறைந்தால் பாதிகூட மிச்சமாகாது.

சரி, இன்வெர்ட்டருக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் எப்போது திரும்பும்? ஒரு இரவுக்கு 1.4 யூனிட், மாதத்துக்கு 42 யூனிட், 9 ரூபாய் வைத்தால் சுமார் 380 ரூபாய். திருச்சி வெயிலுக்கு வருடத்தில் ஐந்து மாதம் முழுசாக ஏசி ஓடினால் 1,900 ரூபாய். அத்தை வாங்கிய அன்று அதே கடையில் ஃபிக்ஸட் ஸ்பீடு ஏசி 8,000 ரூபாய் குறைவாக இருந்ததாம். நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். ஏசி பத்து வருடம் உழைக்கிற பொருள், அதனால் நஷ்டமில்லை. ஆனால் 'பாதி' என்ற தலைப்புக்கு இது வெகு தூரம்.

பக்கத்து வீட்டு அக்கா ஏன் இன்னும் பழைய ரகத்திலேயே இருக்கிறார் என்பதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். அவர் தங்கை வீட்டு இன்வெர்ட்டர் ஏசியில் அந்த எலெக்ட்ரானிக் போர்டு இரண்டு முறை போய்விட்டதாம். ஒரு முறை மாற்ற 7,000 ரூபாய். நான்கு வருட மிச்சம் ஒரே இடியில் போய்விடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் இது நடக்கிறது. போர்டுக்குள் பல்லி புகுந்தாலும் நடக்கிறது. மெக்கானிக் அண்ணனும் இதை ஒப்புக்கொண்டார். "கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம் வாரன்ட்டின்னு பெருசாப் போட்டிருப்பான். போர்டுக்கு எத்தனை வருஷம்னு கேட்டு எழுதி வாங்கணும். போறது கம்ப்ரஸர் இல்ல, போர்டுதான்." அத்தையின் பில்லை எடுத்துப் பார்த்தோம். போர்டுக்கு ஐந்து வருடம் இருந்தது. மாமா அந்தக் காகிதத்தை லேமினேட் செய்யக் கிளம்பிவிட்டார்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கட்டுரையில் அதையும் கலந்து அடித்திருந்தேன். இன்வெர்ட்டர் வேறு, ஸ்டார் வேறு. 3 ஸ்டார் இன்வெர்ட்டரும் உண்டு. ஏசியில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். 1,600 மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு அது. இரவுக்கு எட்டு மணி நேரம் வீதம் 200 இரவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே டன்னில் இரண்டு ஏசியை ஒப்பிட அந்த எண் போதும். நட்சத்திரத்தைவிட அதுவே நம்பகம், ஏனென்றால் ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது கடினமாக்குகிறார்கள். சில வருடம் முந்தைய 5 ஸ்டார் இன்றைய 5 ஸ்டார் அல்ல. ஆனால் அந்த எண்ணும் ஏசி மெதுவாக ஓட முடிகிற நேரங்களையும் சேர்த்துப் போட்ட கணக்குதான். பெரிய அறைக்குச் சின்ன ஏசி மாட்டினால், ஃபில்டர் அடைத்திருந்தால், கேஸ் குறைந்திருந்தால் அது மெதுவாகவே ஓடாது.

அப்படி ஒன்று என்னிடமே இருக்கிறது. சென்னையில் நான் தோழியோடு வாடகைக்கு இருக்கும் அறை மேற்கு வெயில் நேராக அடிக்கும் மேல் மாடி. வீட்டுக்காரர் மாட்டியிருப்பது 1 டன் இன்வெர்ட்டர். திருச்சியிலிருந்து திரும்பிய அன்று இரவு மீட்டருக்கு முன் போய் நின்றேன். 11 மணிக்கும் 2 மணிக்கும் விளக்கு ஒரே வேகத்தில் பறந்துகொண்டிருந்தது. 26-ல் வைத்தும் அப்படித்தான். ஃபில்டரைக் கழுவினோம், ஜன்னல் இடுக்கை அடைத்தோம், கனமான திரை போட்டோம். நாலாவது நாள் நள்ளிரவுக்கு மேல் கொஞ்சம் தணிந்தது. அறைக்கு அது சின்ன ஏசிதான். இன்வெர்ட்டர் என்று எழுதியிருக்கிறதே தவிர, எங்களுக்கு அது ஃபிக்ஸட் ஸ்பீடுதான்.

மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு அணைக்கிற ஹாலுக்கோ, விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் அறைக்கோ யாராவது என்னிடம் கேட்டால், இப்போது விலை குறைந்த ஃபிக்ஸட் ஸ்பீடே போதும் என்றுதான் சொல்வேன். அந்த ஒரு மணி நேரமும் இரண்டும் முழு வேகத்தில்தான் ஓடப்போகின்றன.

அலுவலகத்தில் எடிட்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மார்ச் கட்டுரையின் தலைப்பை மாற்றி, கீழே ஒரு திருத்தக் குறிப்பும் போட்டோம். இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னதும் அவர்தான்.

ஆகஸ்ட் முதல் வாரம் அத்தையிடமிருந்து வாட்ஸ்அப்பில் பில் போட்டோ வந்தது. 3,120 ரூபாய். நான் சொன்னதைவிட 120 அதிகம். கூப்பிட்டுக் கேட்டேன்.

"26 எனக்கு ஆகலடி. 25 வச்சிருக்கேன்" என்றார் அத்தை. "அப்புறம், ஃபிரிட்ஜ்லயும் இன்வெர்ட்டர்னு வந்திருக்காமே. மாமா கேட்டுட்டே இருக்காரு. நீ ஒண்ணும் எழுதிடாத. முதல்ல மீட்டரைப் பாத்துட்டு வா."